கடைசிச் சிகரெட்டின் ருசி

2013-ம் வருஷம் நான் ஒரு வாரப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினேன். இருபத்தாறு வருஷப் பழக்கமான சிகரெட்டை நான் விட்டுத் தொலைத்த கதை அது. கட்டுரை நன்றாக இருப்பதாகப் பலர் சொன்னார்கள், கடிதங்கள் வந்தன. அந்தக் கட்டுரையைப் பற்றி ஒரு விமர்சனம் எழுத வேண்டுமென்று எனக்கு வெகு நாளாக எண்ணம். பிறர் யாரும் எழுதவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன்.

முதலில் கட்டுரையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி நாளில் ஒரு நண்பன் நீட்டிய முதல் சிகரெட், பிறகு ஒரு நாளைக்கு இருபது என்று ஆனது, இருமல், மாடிப்படியில் மூச்சு வாங்கியது, என் மகள் ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு மடியிலிருந்து இறங்கிப் போனது, அன்று மாலையே வடபழனி முருகன் சந்நிதியில் நின்று சங்கல்பம் செய்துகொண்டது. வெளியே வந்து, பையிலிருந்த பெட்டியைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். 'அன்றிலிருந்து இன்று வரை தொடவில்லை' என்று கட்டுரை முடிகிறது.

இதில் ஒரு வாக்கியம்கூடப் பொய் இல்லை. கட்டுரையை எழுதியபோது நான் விட்டு ஐம்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. அச்சாகி வந்தபோது தொண்ணூறு நாள். தொண்ணூற்றேழாம் நாள் நான் மறுபடியும் சிகரெட் பிடித்தேன்.

இந்த வகைக் கட்டுரைகளை அதற்குப் பிறகு தேடித் தேடிப் படித்தேன். தீபாவளி மலர்களிலும், சுகாதாரப் பத்திகளிலும், பிரமுகர்களின் வாழ்க்கைக் குறிப்புகளிலும் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. பழக்கம், சோதனை, ஞானோதயம், விடுதலை. எழுதியவர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர்கள் எழுதிய வேளை பிசகான வேளை. கல்யாணமான மறுவாரம் தாம்பத்தியத்தைப் பற்றி எழுதுவது மாதிரி. நம்முடைய பெரியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. பிரசவ வைராக்கியம், புராண வைராக்கியம், மயான வைராக்கியம் என்று மூன்றை எண்ணி வைத்தார்கள். வலி தீர்ந்ததும், கதை முடிந்ததும், சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்ததும் போய்விடுகிற உறுதிகள் இவை. நான்காவதாகக் கட்டுரை வைராக்கியம் என்று ஒன்றைச் சேர்க்கலாம். அது அச்சேறும் வரையில் நிற்கும்.

வடபழனிக் கோயிலைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் இறுதியில் அண்ணாசாமித் தம்பிரான் என்ற அடியவர் ஓலைக் கொட்டகை போட்டுப் பழனியாண்டவர் படத்தை வைத்துப் பூஜித்த இடம் அது. தீராத வயிற்று வலிக்காரரான அவர், தம்முடைய நாவை அறுத்து முருகனுக்குக் காணிக்கையாகச் செலுத்தினார் என்பது கோயிலின் வரலாறு. 'பாவாடம்' என்று அந்தக் காணிக்கைக்குப் பெயர். இந்தக் கதை நமக்கு ஏன் பிடிக்கிறது? ஒரே வீச்சில் முடிகிறது. திரும்பப் பெற முடியாது. நாமும் நம்முடைய துறவுகளை இந்த மாதிரியே சொல்ல ஆசைப்படுகிறோம். ஆனால் அறுத்த நாக்கு மறுபடி முளைப்பதில்லை. சிகரெட்டோ மறுநாள் காலையில் அதே பெட்டிக்கடையில், அதே தட்டில், அதே விலையில் இருக்கிறது. அறுத்துப் போட்டதன் கதையை எழுதும் முறை வேறு, தினம் தினம் அறுக்க வேண்டியதன் கதையை எழுதும் முறை வேறு. என் கட்டுரையின் முதல் குற்றம், இரண்டாவதை முதலாவதாக எழுதியது.

தொண்ணூற்றேழாம் நாளைப் பற்றிச் சொல்கிறேன். அன்று எனக்குத் துக்கம் ஒன்றும் இல்லை. யாரும் சாகவில்லை, யாரோடும் சண்டை இல்லை. சொல்லப் போனால் நல்ல நாள். இரண்டு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த நாவலின் கடைசி அத்தியாயத்தை மத்தியானம் மூன்று மணிக்கு முடித்தேன். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு ஆற்காடு சாலைக்கு வந்தேன். மெட்ரோ ரயிலுக்காக அப்போது வடபழனியில் வேலை நடந்துகொண்டிருந்தது, ஒரே புழுதி. டீக்கடையில் ஒரு டீ சொன்னேன். கண்ணாடி டம்ளர் இடக்கையில் வந்தது. வலக்கை சும்மா இருந்தது. இவ்வளவுதான் நடந்தது. அத்தியாயம் முடிந்தால் டீ, டீ வந்தால் சிகரெட் என்று கால் நூற்றாண்டாக அந்தக் கை படித்த பாடம். பக்கத்துப் பெட்டிக்கடையில் சில்லறையாக ஒன்று வாங்கினேன். முன்பெல்லாம் கடை வாசலில் தேங்காய்நார்க் கயிறு நுனியில் கனன்றுகொண்டு தொங்கும். இப்போது அதே ஆணியில் ஒரு லைட்டரைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். பற்றவைத்தேன். தலை சுற்றியது. வாய் கசந்தது. பாதியில் எறிந்தேன்.

வைத்தியர்கள் சொல்வதை இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். நிகோடின் உடம்பில் சேர்ந்த இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. விட்டவனுக்கு எரிச்சலும் தூக்கமின்மையும் முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தில் இருக்கும். மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். ஆகவே தொண்ணூற்றேழாம் நாள் என்னைத் தள்ளியது ரத்தத்தில் இருந்த நிகோடின் அல்ல. அது எப்போதோ போய்விட்டது. தள்ளியது மூன்று மணி, முடிந்த அத்தியாயம், டீ டம்ளர், சும்மா இருந்த கை. இந்தச் சங்கதி என் கட்டுரையில் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக மகள் மூக்கைப் பொத்திய காட்சியை உருக்கமாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். விட்டதன் காரணத்தை எழுதினேன். பிடித்ததன் காரணத்தை ஆராயவே இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் மோசம். அந்தப் பாதிச் சிகரெட்டோடு விஷயம் முடிந்திருக்கலாம். ஆனால் வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போதே மனத்துக்குள் ஒரு கணக்குப் பிள்ளை பேச ஆரம்பித்துவிட்டான். 'உடைந்தாகிவிட்டது. இனிமேல் இன்றைக்கு ஒன்று பிடித்தாலும் ஐந்து பிடித்தாலும் ஒன்றுதான். முதல் தேதியிலிருந்து புதிதாக ஆரம்பிக்கலாம்.' அன்று இரவுக்குள் நான்கு ஆயிற்று. மூன்றாவது வாரம் நாளைக்குப் பத்து. அமெரிக்க மனவியல் அறிஞர் ஆலன் மார்லட் இதை ஆராய்ந்து, 1985-ல் ஜூடித் கார்டனுடன் சேர்ந்து வெளியிட்ட நூலில் விளக்கியிருக்கிறார். ஒருமுறை வழுக்குவது வேறு, விழுந்து கிடப்பது வேறு என்பது அவர் கட்சி. வழுக்கியவன் அதைத் தன் குணத்தின் தோல்வியாக எடுத்துக்கொண்டு, 'நான் இப்படிப்பட்டவன்தான்' என்று தீர்மானிக்கும்போதுதான் வழுக்கல் வீழ்ச்சியாக மாறுகிறது. விரதம் எவ்வளவு கண்டிப்பானதோ அவ்வளவு முழுமையாக உடைகிறது. என் விரதமோ அச்சில் வந்துவிட்ட விரதம்.

பெட்டிக்கடை அண்ணாச்சி அந்தப் பத்திரிகையைப் படிப்பவர். இரண்டாம் நாள் நான் போய் நின்றதும், "என்ன சார், விட்டுட்டதா எழுதியிருந்தீங்களே?" என்றார்.

"நண்பர் ஒருத்தருக்கு" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் போகவில்லை. கோடம்பாக்கம் பக்கமாகப் பத்து நிமிஷம் நடந்து, என்னை அறியாத கடையில் வாங்கினேன். பாக்கு மென்றுகொண்டு வீட்டுக்கு வந்தேன். என் மனைவிக்குத் தெரியாமல் பதினொரு மாதம் இப்படி நடந்தது. கட்டுரை எழுதாமல் இருந்திருந்தால் தொண்ணூற்றெட்டாம் நாளே அவளிடம் சொல்லியிருப்பேன். ஒரு திட்டோடு போயிருக்கும்.

அந்தப் பதினொரு மாதத்தில் ஒரு வாசகர் எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. என் கட்டுரையைப் படித்துவிட்டு அவரும் அன்றே விட்டாராம். ஆறாம் நாள் மறுபடி பிடித்துவிட்டாராம். உங்களுக்கு இருக்கிற மனத்திடம் எனக்கு இல்லை, நான் எதற்கும் லாயக்கில்லை என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைச் சிகரெட் பிடித்துக்கொண்டே படித்தேன். பதில் எழுதவில்லை. ஒரு கட்டுரை படிப்பவனுக்குச் செய்யக்கூடிய தீங்கு இதைவிட வேறு என்ன இருக்கிறது?

இனி, நன்றாக எழுதியவர்களைப் பற்றி.

இத்தாலிய நாவலாசிரியர் இட்டாலோ ஸ்வேவோவின் 'ஜீனோவின் மனச்சாட்சி' 1923-ல் வெளிவந்தது. திரியெஸ்த் நகரத்து வியாபாரியான ஜீனோ, தன்னுடைய மனவைத்தியர் சொன்னபடி, புகை பிடித்த கதையிலிருந்து தன் சரித்திரத்தை எழுதத் தொடங்குகிறான். சிறுவனாக இருந்தபோது சிகரெட்டுக்காக அப்பாவின் சட்டையிலிருந்து காசு திருடியது, அவர் பாதி பிடித்து அங்கங்கே வைத்துவிட்டுப் போன சுருட்டுகளை எடுத்துப் பிடித்தது என்று ஆரம்பம். இருபது வயதில் தொண்டை நோவு, சுரம். புகை கூடவே கூடாது என்கிறார் வைத்தியர். சரி, விட்டுவிடுகிறேன், அதற்கு முன் கடைசியாக ஒன்று என்று பற்றவைக்கிறான். அந்தக் கடைசிச் சிகரெட் அவன் ஆயுள் முழுவதும் நீள்கிறது. புத்தகத்தின் முன்பக்கத்தில் தேதி போட்டுக் குறிக்கிறான். அறைச் சுவரில் குறிக்கிறான். சுவர் நிறைந்துபோய் வீட்டை மாற்ற வேண்டியிருக்கிறது. ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் தேதி 1899 என்று எண்கள் அழகாக அமைந்த நாளாகப் பார்த்துச் சங்கல்பம் செய்கிறான். நாமும் தை முதல் தேதி, பிறந்த நாள், கிருத்திகை என்று பார்க்கிறவர்கள்தானே!

ஸ்வேவோ கண்டுபிடித்தது என்னவென்றால், கடைசிச் சிகரெட்டுக்கு ஒரு தனி ருசி உண்டு என்பது. மற்றச் சிகரெட்டில் புகை மட்டும் இருக்கிறது. கடைசிச் சிகரெட்டில் நாளைக்கு நான் நல்லவனாகப் போகிறேன் என்ற சந்தோஷமும் சேர்ந்திருக்கிறது. அந்த ருசிக்காகவே அவன் மேலும் மேலும் சங்கல்பம் செய்கிறான். சங்கல்பம் பழக்கத்துக்கு எதிரியே அல்ல, அதன் ஊறுகாய்! முதல் தேதியிலிருந்து என்று சொன்ன என் கணக்குப் பிள்ளையை இங்கே அடையாளம் கண்டுகொண்டேன். இன்னும் ஒரு படி கீழே போகிறான் ஜீனோ. ஒருவேளை சிகரெட்டை விட்டால் நான் எதிர்பார்க்கிற மகாபுருஷனாக ஆகிவிடுவேனோ, அல்லது ஆகாமல் போய் வேறு சாக்கு இல்லாமல் நிற்பேனோ என்று சந்தேகப்படுகிறான். திறமைக் குறைவைச் சிகரெட்டின் தலையில் போட்டுக்கொண்டு வாழ்வது சௌகரியம். எழுத்தாளர்களாகிய எங்களுக்கு இந்த வரி சுருக்கென்று தைக்கும்.

ஸ்வேவோவுக்கு இது கற்பனை அல்ல. 1896-ல் தமக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணுக்காக ஒரு நாட்குறிப்பு எழுதினார். அதிலேயே இந்தக் கடைசிச் சிகரெட்டுகள் வரிசையாக வருகின்றன. 1928-ல் மோட்டார் விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்தபோது ஒரு சிகரெட் கேட்டாராம், கொடுக்கவில்லை. இதுவாவது நிஜமான கடைசியாக இருந்திருக்கும் என்றாராம்.

ஆனாலும் ஜீனோவிடம் ஒரு குறை சொல்ல வேண்டும். அவன் ரொம்பவும் பிரியத்துக்குரியவனாக இருக்கிறான். தன் தோல்விகளைச் சுவையாகச் சொல்லத் தெரிந்தவன். புகையை விடுவதற்காக மருத்துவமனையில் தன்னைப் பூட்டி வைத்துக்கொண்டு, அன்று இரவே காவல் நர்ஸுக்குப் பிராந்தி ஊற்றிக் கொடுத்துத் தப்பி வருகிற இடத்தில் சிரிக்காமல் இருக்க முடியாது. நாமும் சிரித்து மன்னித்துவிடுகிறோம். வெற்றியைப் பறைசாற்றுவது ஒரு டம்பம் என்றால், தோல்வியைச் செல்லம் கொஞ்சுவதும் ஒரு டம்பம்தான். வழுக்கி விழுந்ததை எழுதினால் போதாது. விழுந்ததில் எழுதுகிறவன் ஒரு லாபமும் அடையக் கூடாது. நம் மொழியில் கண்ணதாசன் 'வனவாச'த்தில் தம் பலவீனங்களைத் துணிச்சலாகச் சொன்னார்; ஆனால் 'அவன்' என்று படர்க்கையில் சொன்னார். அதனால் உண்மை தாராளமாக வந்தது. எழுதுகிறவர் மட்டும் ஓரமாக நின்றுகொள்ளவும் கொஞ்சம் இடம் கிடைத்தது.

இந்த லாபமே இல்லாத ஓர் உதாரணம் 'சத்திய சோதனை'யில் இருக்கிறது. அதில் சிகரெட் கதையும் உண்டு. ஆச்சரியம் என்னவென்றால், அது ஜீனோவின் கதையைப் போலவே ஆரம்பமாகிறது. சிற்றப்பா பிடித்து எறிந்த துண்டுகளைப் பொறுக்கிப் பிடித்தார் சிறுவன் காந்தி. பிறகு வேலைக்காரரின் காசைத் திருடினார். சுதந்திரம் இல்லாத வாழ்வு எதற்கு என்று ஒரு சொந்தக்காரப் பையனோடு ஊமத்தை விதை தின்று சாகப் போனார்கள். இரண்டு மூன்று விதையோடு தைரியம் போயிற்று. அதோடு புகையும் போயிற்று. பிறகு ஆசையே வரவில்லை. இது சுலபமாக விட்டவரின் கதை. எனக்கு உபயோகப்படவில்லை.

எனக்கு உபயோகப்பட்டது பாலின் கதை. 1912-ல் தென்னாப்பிரிக்காவில் காந்தி பால் அருந்துவதில்லை என்று விட்டார். பிறகு அது விரதமாயிற்று. 1918-ல் கடும் சீதபேதி. உடம்பு தேறவே இல்லை. 1919-ன் தொடக்கத்தில் பம்பாயில் மூலத்துக்கு அறுவை ஆயிற்று. பால் சாப்பிட்டாலொழிய உடம்பு தேறாது என்கிறார் டாக்டர் தலால். விரதம் என்கிறார் காந்தி. விரதம் எடுத்தபோது பசும்பாலும் எருமைப்பாலும்தானே உங்கள் மனத்தில் இருந்தன, ஆட்டுப்பாலுக்கு என்ன ஆட்சேபம் என்று கேட்கிறார் கஸ்தூரிபா. காந்தி இணங்கிவிடுகிறார்.

இதை அவர் எப்படி எழுதுகிறார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். விரதத்தின் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு அதன் உயிரைக் கொன்றேன் என்ற பொருளில் சொல்லிவிடுகிறார். மனைவியின் மேல் பழி இல்லை. டாக்டரின் மேல் பழி இல்லை. வாழ வேண்டும், வேலை செய்ய வேண்டும் என்ற தம் ஆசையின் மேல் பழி. அதைவிட முக்கியமான விஷயம், சில வருஷம் கழித்து இதை எழுதுகிறபோதும் அவர் ஆட்டுப்பாலைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். உறுத்துகிறது, ஆனாலும் விட முடியவில்லை என்று நிகழ்காலத்தில் எழுதி நிறுத்திவிடுகிறார். அடுத்த பாராவில் வெற்றி வரவில்லை. கடைசி வரையிலும் வரவில்லை. தம்மை மகாத்மா என்று கூப்பிடுகிற ஒரு தேசத்துக்கு வாராவாரம் பத்திரிகையில் எழுதியவர் இப்படி எழுதினார். அண்ணாச்சி ஒருவருக்குப் பயந்து பத்து நிமிஷம் நடந்தவன் நான்.

ஆக, இந்த வகை எழுத்தை எடைபோட எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. விட்ட நாளை எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்க்க வேண்டாம். மறுபடி பிடித்த முதல் சிகரெட்டை எப்படி எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். விதி, பலவீனம், மனக்குரங்கு என்று பெரிய வார்த்தைகள் வந்தால் அவர் பார்க்கவில்லை என்று அர்த்தம். மணி என்ன, கையில் என்ன இருந்தது, யாரிடம் வாங்கினார், என்ன பொய் சொன்னார் என்று வந்தால், படிக்கிறவனுக்கு அது ஒரு வரைபடம். அடுத்து, இரண்டாவது சிகரெட்டுக்குத் தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட நியாயத்தை எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். முதலாவது வழுக்கல்; கதை இரண்டாவதில்தான் இருக்கிறது.

இந்த அளவுகோலின்படி என் பழைய கட்டுரை தேறாது. ஆகவே அதற்குப் பிறகு கட்டுரை எழுதாமல் ஒரு சிறு நோட்டில் குறிப்பு எழுதத் தொடங்கினேன். அதில் மூன்றே கட்டம்: நேரம், இடம், கை என்ன செய்துகொண்டிருந்தது. சங்கல்பத்துக்குக் கட்டம் இல்லை. இதனால் சில விஷயங்கள் தெரிந்தன. துக்கத்தில் நான் அதிகம் பிடிப்பதில்லை. வேலை முடிந்த திருப்தியில் பிடிக்கிறேன். முழுப் பெட்டியாக வாங்கினால் குறைவாகப் பிடிக்கிறேன். 2016 ஏப்ரலிலிருந்து பெட்டியில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு நோய்ப் படத்தோடு கூடிய எச்சரிக்கைக்கு என்று சட்டம். அந்தப் படம் கண்ணில் படுகிறது. ஒற்றையாக வாங்குகிறவன் அதைப் பார்ப்பதே இல்லை. நிகோடின் கலந்த பசையை மென்று பார்த்தேன். சாதாரண மிட்டாய்ப் பசை மாதிரி விடாமல் மென்றதால் விக்கல்தான் வந்தது. இரண்டு மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று மருந்துக் கடைக்காரர் பிறகு சொன்னார். இதெல்லாம் ஒரு வெற்றிக் கட்டுரையில் இடம் பெறாத சமாசாரங்கள்.

மூன்றாவது முறை விட்டபோது இருபத்து மூன்றாம் நாள் வழுக்கினேன். இந்த முறை கோடம்பாக்கம் போகவில்லை. வீட்டுக்கு வந்து என் மனைவியிடம், "இன்னிக்கு ஒண்ணு பிடிச்சேன்" என்றேன்.

"எனக்குத் தெரியும். அந்தப் பதினொரு மாசமும் தெரியும்" என்றாள் அவள். பிறகு, "சாப்பிட வாங்க" என்றாள்.

நோட்டில் எழுதினேன். அடுத்தது ஒன்பது நாள் கழித்து. அதற்கடுத்தது நாற்பது நாள் கழித்து. பிறகு ஒரு மழைக்காலத்தில் மறுபடி நாளைக்கு ஆறு என்று ஏறி, தை மாதத்தில் இறங்கியது. இப்போது எத்தனை நாள் ஆகிறது என்று வாசகர்கள் கேட்கலாம். அதைச் சொல்லப் போவதில்லை. இந்தக் கட்டுரை அச்சாகிப் புத்தகமாகும் போது அந்த எண் என்ன ஆகுமோ, யார் கண்டது?

வாசகருக்குப் பதில் எழுதினேன், மிகவும் தாமதமாக. நானும் தொண்ணூற்றேழாம் நாள் பிடித்தேன் என்று ஒரு கார்டு. முகவரி மாறிவிட்டது என்று அது திரும்பி வந்துவிட்டது. அண்ணாச்சி கடைக்கு மறுபடியும் போகிறேன். சில நாள் வெற்றிலை வாங்குவேன். சில நாள் மற்றது. இரண்டையும் அவர் ஒன்றுபோலவே எடுத்துக் கொடுக்கிறார்.